தலையாட்டும் ஸ்டிக்கர்: படம்பிடிப்பதிலிருந்து பகிர்வது வரை

தமிழர்களின் தலையாட்டலை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்ளத் திணறுவார்கள். ஆனால் அசையும் ஸ்டிக்கர் செய்யக் கற்றுக்கொள்கிறவருக்கு அதைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது. தலை இடமும் வலமுமாகச் சாய்ந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. முடிவில்லாமல் சுழல வேண்டிய ஒரு படத்துக்குத் தேவையானதும் அதுதான். “சரி, சரி, பார்க்கலாம்” என்று தட்டச்சு செய்வதற்குப் பதிலாக அனுப்பும்படி, பின்புலம் நீக்கிய ஒரு தலையாட்டல் ஸ்டிக்கரை வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் செய்யும் வழியை இங்கே முழுமையாகப் பார்ப்போம்.

பின்புலத்தைத் தானாக நீக்கித் தரும் கைப்பேசிச் செயலிகள் நிறைய உள்ளன. அவசரத்துக்கு அவை போதும். ஆனால் அவற்றில் பல ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக வெட்டுவதால், தலைமுடியின் ஓரம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறித் துடிக்கும். துடிக்காத ஓரம் வேண்டுமானால் பச்சைத் துணியும் ஒரு கணினியும் வேண்டும். நாம் பயன்படுத்தப்போகும் மென்பொருள்கள் மூன்றும் இலவசம்: வீடியோவைக் கையாளும் `ffmpeg`, படங்களைத் திருத்தும் இமேஜ்மேஜிக், `.webp` கோப்பு செய்யும் `img2webp` அடங்கிய லிப்வெப்பி கருவிகள். கட்டளைகள் லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினல் சாளரத்தில் அப்படியே ஓடும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கிட் பாஷ் சாளரத்தில் ஓட்டலாம்.

எதை நோக்கிச் செய்கிறோம்

வாட்ஸ்அப்பின் அசையும் ஸ்டிக்கர் `.webp` கோப்பாக இருக்க வேண்டும். அகலமும் உயரமும் சரியாக 512 பிக்சல், நீளம் 10 நொடிக்குள், எடை 500 கேபிக்குள். டெலிகிராமின் வீடியோ ஸ்டிக்கர் விபி9 முறையில் சுருக்கிய `.webm` கோப்பு. அதில் ஒரு பக்கமாவது 512 பிக்சலாக இருக்க வேண்டும், மற்றது அதைத் தாண்டக்கூடாது. நீளம் 3 நொடிக்குள், வேகம் நொடிக்கு 30 ஃபிரேமுக்குள், எடை 256 கேபிக்குள், ஒலி கூடாது. இரண்டுக்கும் பொதுவாக 512க்கு 512 அளவில், 2 நொடிக்கும் குறைவாக ஒன்று செய்துவிட்டால் ஒரே உழைப்பில் இரண்டு ஸ்டிக்கர்கள் கிடைத்துவிடும்.

பழைய ஜிஃப் கோப்பு ஏன் ஆகாது என்று கேட்கலாம். ஜிஃப்பில் ஒரு பிக்சல் முழுவதும் தெரியும், அல்லது முழுவதும் மறையும். பாதி மறைவு என்பதே கிடையாது. அதனால் முடியின் ஓரம் படிக்கட்டாக உடைந்துவிடும். வண்ணங்களும் ஒரு ஃபிரேமுக்கு 256தான். வாட்ஸ்அப்பில் ஜிஃப் என்ற பெயரில் உலவுபவையோ உண்மையில் ஒலியற்ற எம்பி4 வீடியோக்கள். அவற்றில் பின்புலத்தை நீக்கவே முடியாது. அப்படி ஒரு எதிர்வினைத் துணுக்குதான் வேண்டும் என்றால், கீழே பின்புலம் நீக்கும் பகுதியை விட்டுவிட்டு, சுழற்சியை வெட்டும் பகுதியை மட்டும் பின்பற்றி, கிடைக்கும் படங்களை எம்பி4 வீடியோவாகச் சேர்த்தால் போதும்.

படம்பிடித்தல்

ஸ்டிக்கரின் எடை கடைசிக் கட்டளையில் தீர்மானமாகிறது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி கேமராவின் முன்னாலேயே தீர்மானமாகிவிடுகிறது. இந்தக் கோப்பு வகைகள் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே மாறுகிற இடங்களைச் சேமிக்கத்தான் அதிக இடம் எடுக்கின்றன. தலை மட்டும் அசைந்தால் தலைக்கு மட்டும் செலவு. கைப்பேசி கையில் நடுங்கினால் சட்டைக்கும் தோளுக்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும் செலவு. ஆகவே கைப்பேசியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இல்லையென்றால் புத்தகங்களை அடுக்கி அவற்றின் மீது சாய்த்து வையுங்கள்.

பின்னால் கசங்காத பச்சைத் துணி. தலையாட்டுபவர் துணியிலிருந்து ஒரு மீட்டராவது முன்னால் நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் துணியின் பச்சை கன்னத்திலும் காதோரத்திலும் பிரதிபலிக்கும். நிழலும் துணியில் விழும். சட்டையில் பச்சை இருக்கக்கூடாது. நெருக்கமான கட்டங்களும் கோடுகளும் போட்ட சட்டை எடையைக் கூட்டும், ஒரே நிறச் சட்டை குறைக்கும். மூக்குக் கண்ணாடி அணிபவராக இருந்தால், கண்ணாடியில் பச்சை தெரிகிறதா என்று முதலிலேயே பாருங்கள். தெரிந்தால் ஸ்டிக்கரில் அந்த இடம் ஓட்டையாகும்.

வெளிச்சத்துக்கு நிழலான முற்றத்தின் பகல் ஒளி மிக நல்லது. வீட்டு விளக்குகள் பலவும் மின்சாரத்தின் 50 சுழற்சியோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குகின்றன. கேமராவுக்கு அது தெரிந்துவிடும். ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் ஏறி இறங்கினால் சுழற்சியின் இரு முனைகளும் பொருந்தாது. வெளிச்சம் குறைவான அறையும் ஆகாது. அங்கே கேமரா உண்டாக்கும் புள்ளிப்புள்ளியான இரைச்சல் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவதால் எடை ஏறும். அசையும் முடி குழம்பிப் பச்சையோடு கலந்துவிடும்.

கைப்பேசியில் எச்டிஆர் பதிவை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கணினியில் நிறங்கள் வெளிறிப்போகலாம். முகத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம், 1080 பிக்சல் அகலம், கைப்பேசி நிமிர்ந்த நிலை. நடிப்பவரிடம் தோளை அசைக்காமல் பத்து நொடி ஒரே சீராகத் தலையாட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று ஆட்டங்கள் செயற்கையாகத்தான் இருக்கும். நடுவில் வருபவைதான் உதவும். எடுப்பதற்கு முன்பே, இது ஸ்டிக்கராகப் பரவும் என்று அவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நான்கு குழுக்களுக்குப் போன பிறகு யாராலும் திரும்ப வாங்க முடியாது.

சுழற்சியை வெட்டுதல்

வீடியோவைக் கணினிக்கு மாற்றி `thalai.mp4` என்று பெயரிட்டு, ஒரு புதிய ஃபோல்டரில் வையுங்கள். எல்லாக் கட்டளைகளையும் அந்த ஃபோல்டரில் இருந்தே ஓட்டுங்கள். முதலில் வீடியோவைத் தனித்தனிப் படங்களாகப் பிரிக்கிறோம்.

```
ffmpeg -i thalai.mp4 -vf "crop=1080:1080:0:300,fps=15" r_%03d.png
```

`crop` என்பது நிமிர்ந்த வீடியோவிலிருந்து 1080 பிக்சல் சதுரத்தை வெட்டுகிறது. 300 என்பது மேலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டுவது என்ற அளவு; தலையின் உச்சி அறுபட்டால் அதைக் குறையுங்கள். வேகத்தை 15 ஆக வைத்ததற்குக் காரணம் உண்டு. 30இல் சரிபாதி 15 என்பதால் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேம் சீராகப் போகும். 20 அல்லது 24 என்று வைத்தால் சில இடங்களில் ஒன்றும் சில இடங்களில் இரண்டும் தாவி, தலை விக்கி விக்கி ஆடும்.

இப்போது ஃபோல்டரில் சுமார் 150 படங்கள் இருக்கும். சாதாரணப் படம் பார்க்கும் மென்பொருளில் திறந்து, அம்புக்குறியால் ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். தேட வேண்டியது, தலை நேராக நின்று வலப்பக்கம் சாயத் தொடங்கும் ஒரு ஃபிரேம். தலை ஓரத்தில் ஒரு கணம் நிற்கும்போது வெட்டத் தோன்றும். ஆனால் அங்கே ஐந்தாறு ஃபிரேம்கள் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால் சரியான இணையைக் கண்டுபிடிப்பது கடினம். நடுவில் தலை வேகமாகக் கடப்பதால் ஒரு ஃபிரேம் தவறினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 41ஆம் படத்தில் தலை நேராக இருந்து வலப்பக்கம் போகிறது என்று வையுங்கள். அதே நிலை, அதே திசை 53இல் மீண்டும் வருகிறது. 65இல் இன்னொரு முறை. அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு 12 ஃபிரேம். திசையையும் பார்ப்பது முக்கியம். 47இலும் தலை நேராகத்தான் இருக்கும், ஆனால் இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். அங்கே வெட்டி ஒட்டினால் தலை சுவரில் மோதியதுபோல வெடுக்கென்று திரும்பும்.

41 முதல் 64 வரை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுங்கள். 65ஐ வைக்கக்கூடாது. அது 41இன் நகல் என்பதால், இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்னத் தயக்கம் தெரியும். சுழலும் படங்களில் காணும் அந்த இடறலுக்குப் பெரும்பாலும் இந்த ஒரு கூடுதல் ஃபிரேம்தான் காரணம்.

ஒரே ஆட்டத்தை, அதாவது 12 ஃபிரேமை மட்டும் வைத்தாலும் சுழற்சி சரியாகவே இருக்கும், எடையும் பாதியாகும். இருந்தும் நான் இரண்டு ஆட்டங்களை வைப்பேன். ஒன்றுமட்டும் என்றால் கடையில் விற்கும் தலையாட்டிப் பொம்மையாகிவிடுகிறது. இரண்டில், இரண்டாவது ஆட்டத்தில் கண் சற்றுச் சுருங்கும், உதடு லேசாக அசையும். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரியும்.

தானாகத் திரும்பி வராத அசைவுகளுக்கு, படத்தை முன்னோக்கி ஓட்டிப் பின்னோக்கித் திருப்பும் வழியைப் பலர் சொல்வார்கள். புருவம் உயர்த்துவதற்கு அது பொருந்தும். ஜிமிக்கி ஆடும்போதோ கண்ணீர் வழியும்போதோ காலம் பின்னோக்கி ஓடுவது அப்பட்டமாகத் தெரியும்.

பச்சையை நீக்குதல்

`r_041.png` படத்தை ஜிம்ப் போன்ற ஒரு மென்பொருளில் திறந்து, நிறம் எடுக்கும் கருவியால் தலைக்கு அருகே உள்ள துணியைத் தொடுங்கள். ஆறு எழுத்துகளில் ஒரு நிறக் குறியீடு கிடைக்கும். கடையில் வாங்கிய துணியின் பச்சை எதுவாக இருந்தாலும், படத்தில் பதிந்துள்ள பச்சைதான் நமக்கு வேண்டும். அது `3E8F4A` என்று வைத்துக்கொள்வோம்.

```
ffmpeg -start_number 41 -i r_%03d.png -vf "chromakey=0x3E8F4A:0.12:0.05,format=rgba,despill=type=green,scale=464:464,pad=512:512:24:24:black@0" -start_number 41 f_%03d.png
```

`chromakey`க்குப் பின் வரும் 0.12, எவ்வளவு தூரம் வேறுபட்ட பச்சைகளையும் நீக்குவது என்ற அளவு. 0.05 என்பது ஓரத்தின் மென்மை. `despill` காதோரத்தில் ஒட்டிய பச்சைச் சாயலைக் கழுவுகிறது. பெரிய படத்திலேயே பச்சையை நீக்கிவிட்டு, அதன் பிறகு சுருக்குகிறோம் என்பதைக் கவனியுங்கள். வரிசை மாறினால் ஓரம் கரடுமுரடாகும். 464ஆகச் சுருக்கி நாற்புறமும் 24 பிக்சல் காலி இடம் விடுகிறோம். அதில் 8 பிக்சல் அடுத்து வரும் வெள்ளை ஓரத்துக்குப் போகும். மீதி 16, வாட்ஸ்அப் தன் வழிகாட்டுதலில் கேட்கும் இடைவெளி.

இங்கே நேரம் எடுத்துச் சரிபாருங்கள். ஒரு படத்தின் மறைவு அளவை மட்டும் கறுப்பு வெள்ளையாக எடுக்க இது போதும்:

```
magick f_041.png -alpha extract paar.png
```

தெரியும் பகுதி வெள்ளையாகவும் மறைந்த பகுதி கறுப்பாகவும் வரும். ஆள் முழு வெள்ளையாக, சுற்றிலும் முழுக் கறுப்பாக, ஓரத்தில் மட்டும் மெல்லிய சாம்பலாக இருக்க வேண்டும். முகத்திலோ சட்டையிலோ சாம்பல் திட்டுகள் இருந்தால் 0.12ஐ 0.10ஆகக் குறையுங்கள். சுற்றுப்புறத்தில் சாம்பல் தூசு இருந்தால் 0.14ஆகக் கூட்டுங்கள். 0.02க்கு மேல் ஒரே தாவலாகப் போக வேண்டாம்.

அந்தத் தூசு வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வகையில் கெடுக்கும். ஃபிரேம்தோறும் மாறுவதால், யாரும் பார்க்காத ஒன்றுக்காகக் கோப்பு பெருத்துவிடும். வெள்ளை ஓரம் வரையும்போது ஒவ்வொரு தூசும் ஒரு வட்டமாக விரிந்து பனிமூட்டம் போட்டுவிடும். இறுதிக் கோப்பு காரணமே இல்லாமல் கனக்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

வெள்ளை ஓரம்

கறுத்த முடியுள்ள தலையைக் கருப்பு நிற அரட்டைத் திரையில் வைத்தால் முடியே காணாமல் போகும். முகம் மட்டும் மிதக்கும். அதற்காகத்தான் ஸ்டிக்கர்களுக்கு வெள்ளை ஓரம். 8 பிக்சல் என்பது வாட்ஸ்அப் பரிந்துரைக்கும் அளவு. நமக்கு அதில் இன்னொரு லாபமும் உண்டு. பாதி மறைந்த முடியோரம் வெள்ளையின் மீது உட்கார்ந்துவிடுவதால், வெட்டியதில் இருக்கும் சிறு குறைகள் மறைந்துவிடும்.

```
mkdir o
for f in f_*.png; do
  magick $f -channel A -level 15%,90% +channel \
    \( +clone -channel A -morphology Dilate Disk:8 +channel \
       -fill white -colorize 100 \) \
    -compose DstOver -composite o/$f
done
```

முதல் வரியில் உள்ள `-level` மீதித் தூசைத் துடைக்கிறது: 15 விழுக்காட்டுக்குக் கீழே தெரிபவை முழுக்க மறையும், 90க்கு மேலே உள்ளவை முழுக்கத் தெரியும். அடுத்தது, உருவத்தின் நகல் ஒன்றை எடுத்து 8 பிக்சல் விரித்து வெள்ளையடித்து, அசல் படத்தின் அடியில் வைக்கிறது. `magick` என்ற கட்டளை இல்லை என்று பழைய லினக்ஸ் சொன்னால், அந்த இடங்களில் `convert` என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்புக்கான கோப்பு

```
img2webp -loop 0 -lossy -q 60 -m 6 -d 66 o/f_*.png -o thalai.webp
```

`-loop 0` என்றால் முடிவில்லாச் சுழற்சி. `-d 66` என்பது ஒரு ஃபிரேம் திரையில் நிற்கும் மில்லி நொடி. நொடிக்கு 15 ஃபிரேம் என்பதன் மறுவடிவம். வந்த கோப்பை உலாவியில் இழுத்துப் போட்டால் ஓடும்.

500 கேபியை 24 ஃபிரேமுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 20 கேபிக்குச் சற்று மேல் கிடைக்கிறது. சீராக எடுத்த படத்துக்கு அது தாராளம். மீறினால், முதலில் `-q` அளவை 60இலிருந்து 50க்கும் பிறகு 40க்கும் இறக்குங்கள். அதற்கும் கீழே போனால் கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும். அங்கே நிறுத்திவிட்டு, இரண்டாவது ஆட்டத்தைக் கைவிட்டு 12 ஃபிரேமோடு சமாதானம் ஆகுங்கள். தரம் குறைந்த இரண்டு ஆட்டங்களைவிடத் தெளிவான ஒன்று மேல். படத்தின் பிக்சல் அளவைக் குறைக்கும் வழி இங்கே கிடையாது, 512 கட்டாயம். ஆனால் அந்தச் சதுரத்துக்குள் ஆளைச் சிறிதாக வைக்கலாம்.

வெளிச் செயலி வழியாகச் சேர்க்கும்போது வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர்கள் தொகுப்பாகத்தான் சேரும். ஒரு தொகுப்பில் குறைந்தது 3, அதிகம் 30. அசைபவையும் அசையாதவையும் ஒரே தொகுப்பில் கலக்கக்கூடாது. ஆகவே தலையாட்டலோடு கும்பிடு, கையை விரித்து “தெரியாது” என்பது போன்ற இரண்டையாவது அதே துணி முன்னால் எடுத்துவிடுவது சிக்கனம். `.webp` கோப்பை மாற்றாமல் ஏற்கும் ஏதாவது ஒரு ஸ்டிக்கர் செயலி வழியாகத் தொகுப்பைச் சேர்க்கலாம். தொகுப்புக்கு 96 பிக்சல் சதுரத்தில், 50 கேபிக்குள், அசையாத ஒரு சின்னமும் தேவைப்படும்.

டெலிகிராமுக்கான கோப்பு

```
ffmpeg -framerate 15 -start_number 41 -i o/f_%03d.png -c:v libvpx-vp9 -pix_fmt yuva420p -auto-alt-ref 0 -b:v 700k -an thalai.webm
```

`yuva420p` என்பதில் உள்ள `a` எழுத்துதான் பின்புல மறைவைக் காப்பாற்றுகிறது. அது விடுபட்டால் ஆளைச் சுற்றிக் கறுப்புச் சதுரம் வரும். 24 ஃபிரேம் 1.6 நொடி ஓடும். 256 கேபியை 1.6 நொடிக்குப் பிரித்தால் நொடிக்கு ஏறத்தாழ 1300 கிலோபிட் வரை இடமிருக்கிறது. ஆனால் மறைவுத் தகவல் தனி வீடியோவாகவே உள்ளே சேர்வதால், அதற்கும் இடம் விட்டு 700 என்று தொடங்குகிறோம். கோப்பு 200 கேபிக்குக் கீழே வந்தால் 900 ஆக்கிப் பாருங்கள்.

இந்தக் கோப்பைக் கணினியில் ஓட்டிப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். பல வீடியோ இயக்கிகள் மறைவுத் தகவலைப் படிப்பதில்லை; `ffmpeg`கூடத் தன் வழக்கமான முறையில் படிக்காது. கறுப்புப் பின்புலம் தெரிவதை வைத்துக் கோப்பு தவறு என்று முடிவு செய்யாதீர்கள். உண்மையைத் தெரிந்துகொள்ள, படிக்கும் கருவியின் பெயரை முன்னாலேயே சொல்லி ஒரு ஃபிரேமை எடுங்கள்:

```
ffmpeg -c:v libvpx-vp9 -i thalai.webm -frames:v 1 sothanai.png
```

`sothanai.png` பின்புலம் இல்லாமல் வந்தால் கோப்பு சரி.

டெலிகிராமில் `@Stickers` என்ற தானியங்கிக் கணக்கைத் திறந்து புதிய தொகுப்பு தொடங்குங்கள். கேட்கும்போது `.webm` கோப்பை வீடியோவாக அனுப்பாமல் ஃபைலாக அனுப்ப வேண்டும். வீடியோவாக அனுப்பினால் செயலி அதை மறுபடி சுருக்க முயன்று, இவ்வளவு நேரம் செய்ததைக் குலைத்துவிடும். அளவோ நீளமோ மீறியிருந்தால் அந்தக் கணக்கே பதிலில் சொல்லிவிடும். பிறகு பொருத்தமான ஓர் எமோஜியை அனுப்பி, `/publish` என்று தட்டி, தொகுப்புக்கு ஒரு குறும்பெயர் கொடுத்தால் பகிரும் இணைப்பு கிடைக்கும். முதலில் உங்களுக்கே அனுப்பி, வெளிர் திரையிலும் கருப்புத் திரையிலும் ஒருமுறை பாருங்கள். தலைமுடியோரம் மினுங்கினால் `-level` வரியில் 15ஐ 20 ஆக்கி, அங்கிருந்து மறுபடி ஓட்டினால் போதும். பச்சை நீக்கும் கட்டத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை.